பெயர் எழுதாத பேப்பர்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். "பேப்பரைக் குடுக்கறதுக்கு முன்னாடி பேரை எழுதிடுங்க" என்று டீச்சர் சொல்கிறார். அவன் உடனே எழுந்து போய்ப் பேப்பரை மேசையில் வைத்துவிட்டு வருகிறான். அதில் பெயர் இல்லை. இது மூன்றாவது முறை. "சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்கிறான்" என்று வீட்டுக்குச் சொல்லியனுப்புகிறார்கள்.

அடுத்த முறை டீச்சர், "பேரை எழுதிட்டு, பேப்பரைக் குடுங்க" என்கிறார். பையன் பெயரை எழுதிவிட்டுத்தான் எழுகிறான். சொன்னவரும் கேட்டவனும் வேலையும் அதேதான். மாறியது வாக்கியம் மட்டும். முதல் வாக்கியத்தில் பிந்திச் செய்ய வேண்டிய வேலை முந்தி வருகிறது; வரிசையைத் திருப்பிப் போடும் பொறுப்பு "முன்னாடி" என்ற ஒரு சொல்லின் மேல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடிக்க முடியாத குழந்தை, காதில் விழுந்த வரிசையிலேயே செய்துமுடிக்கிறது. கவனம் இல்லாத பிள்ளையாக இருந்தால் இரண்டாவது வாக்கியத்தையும் தவறவிட்டிருக்கும்.

இப்படி ஒரு முறை நடந்தால் அதில் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில், வீட்டிலும் பள்ளியிலும், வாக்கியம் நீளும்போதெல்லாம் நடந்தால் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு இருக்கலாமா என்று பார்க்க வேண்டும். காது கேட்கிறது, ஆட்டிசமோ மூளைக் காயமோ இல்லை. ஆனாலும் மொழி பிடிபடுவது கடினமாகவே இருக்கிறது, வயதாக ஆகத் தானாகச் சரியாவதும் இல்லை. இந்த நிலைக்குப் பல பெயர்கள் புழங்கிவந்தன. டோரதி பிஷப் முதலான ஆய்வாளர்கள் கூடிப் பேசி 2017இல் இந்த ஒரே பெயருக்கு ஒப்புதல் தந்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 7.5 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இருவர் என்று கொள்ளலாம். அமெரிக்காவின் அயோவாவில் 1997இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இக்குறைபாடு இருந்த குழந்தைகளின் பெற்றோரில் 29 விழுக்காட்டினரிடம்தான், பிள்ளைக்குப் பேச்சிலோ மொழியிலோ சிக்கல் உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஏன் கண்ணில் படுவதில்லை? இந்தப் பிள்ளைகள் ஊகிப்பதில் கெட்டிக்காரர்கள். "பையன் தின்ன மாம்பழம்" என்றால் இலக்கணமே தேவையில்லை. மாம்பழம் பையனைத் தின்னாது. பக்கத்துப் பையன் நோட்டை எடுத்தால் இவனும் எடுப்பான். கேள்வி புரியாவிட்டாலும் "ஆமா மிஸ்" என்பான். எண்களாகக் கொடுத்த கூட்டலைப் போட்டுவிடுவான். அதையே கதைக்கணக்காகக் கொடுத்தால் கண்ணில் பட்ட இரண்டு எண்களைக் கூட்டி வைப்பான். சத்தம்போட்டுப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிப்பவர்களும் இவர்களில் உண்டு. அதனால்தான் பெரியவர்கள் ஏமாறுகிறோம்.

ஊகத்துக்கு இடமில்லாத வாக்கியத்தில்தான் உண்மை தெரியும். தமிழ் இதற்கு நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. "நாய் துரத்தின பூனை", "நாயைத் துரத்தின பூனை" என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஓடுவது பூனை. இரண்டாவதில் ஓடுவது நாய். இரண்டையும் பிரிப்பது ஒரு "ஐ" உருபு. நாய் பூனையைத் துரத்தும் படம் ஒன்று, பூனை நாயைத் துரத்தும் படம் ஒன்று. வாக்கியத்தைச் சொல்லி, எந்தப் படம் என்று தொடச் சொல்ல வேண்டும். மாட்டையும் ஆட்டையும், அக்காவையும் தம்பியையும் வைத்து மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்கலாம். சரியும் தவறும் பாதிக்குப் பாதி வந்தால் குழந்தை குருட்டாம்போக்கில் தொடுகிறது. எப்போதும் நாய்தான் துரத்தும் என்றே தொட்டால் உலக அறிவைக் கொண்டு சமாளிக்கிறது. படத்தை ஆவலாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, அப்படியும் தவறுகிற பிள்ளையைக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். கவனக்குறைவும் மொழிக் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையம் போன்ற ஊரில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வீட்டில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம், தெருவில் வெளிநாட்டார் பேசும் வேறு மொழிகள். பிள்ளை தடுமாறினால் "ரெண்டு மூணு பாஷை போட்டுக் குழப்பிட்டாங்க" என்பார்கள். பல மொழி கேட்பதால் இக்குறைபாடு வருவதில்லை. அம்மா போதிய அளவு பேசாததாலும் வருவதில்லை. மரபணுக்களின் பங்கு இதில் பெரிது. ஆங்கிலத்தில் மட்டும் திணறி, தமிழில் ஆயாவிடம் நேற்றுப் பார்த்த படத்தின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லும் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை; ஆங்கிலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். குறைபாடு இருந்தால் தமிழிலும் தெரியும். கதை சொன்னால் யார் யாரை அடித்தார் என்று நமக்கே விளங்காது. "அவன் அதை அங்க அப்படிப் பண்ணான்" என்று பெயரில்லாமல் போகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் தீர்ப்பெழுதினால் இருவகைப் பிள்ளைகளும் கலந்துவிடுவார்கள்.

முதலில் காதைச் சோதிக்க வேண்டும். செவித்திறன் பரிசோதனை செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் செய்யும் சோதனைகளில் எனக்கு வியப்பூட்டுவது பொருளற்ற சொல்லைத் திருப்பிச் சொல்வது. "தெமு" என்றால் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். "பலுதினோகை" என்று நீண்டால் மொழிக் குறைபாடுள்ள குழந்தை சறுக்கும். 1990இல் காதர்கோல், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் இந்த இடைவெளியைக் காட்டினார்கள்: குறுஞ்சொற்களில் தெரியாத வேறுபாடு மூன்று நான்கு அசையாகும்போது விரிகிறது. கேட்ட ஒலியைச் சில நொடி மனத்தில் நிறுத்தி வைக்கும் திறன் தளர்ந்திருப்பதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். இல்லாத சொல் என்பதால் வீட்டில் புத்தகம் இருந்ததா இல்லையா என்பது இதில் அவ்வளவாகக் குறுக்கிடாது. இது ஒன்றை வைத்தே முடிவு கட்டவும் முடியாது; வாசிப்புக் கோளாறுள்ள பிள்ளைகளும் இதில் தவறுவார்கள்.

இன்னொரு வழி, சொல்லிக் கொடுத்துப் பார்ப்பது. தெரியாத சில சொற்களையோ ஒரு வாக்கிய அமைப்பையோ சிறிது நேரம் கற்பித்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள். இதுவரை வாய்ப்புக் கிடைக்காத பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். குறைபாடுள்ள பிள்ளைக்கு இன்னும் பல தடவை, படத்தோடும் செய்கையோடும் தேவைப்படும்.

மாவட்டத்தில் இதற்கு வாசல் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும்போது பார்க்க வேண்டியவற்றில் மொழி வளர்ச்சித் தாமதமும் உண்டு. "படிக்க மாட்டேங்கிறான்" என்ற புகாரால் அக்குழுவுக்கு ஒன்றும் விளங்காது. சொன்ன வாக்கியத்தையும் பிள்ளை செய்ததையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தால், எதைச் சோதிப்பது என்று தெரியும்.

சான்றிதழ் கேட்கப் போகும் பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் "பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு" என்ற தலைப்பு குரல்வளை நீக்கம், அஃபேசியா போன்றவற்றால் வரும் நிரந்தரப் பாதிப்பையே சொல்கிறது; இந்தப் பிள்ளைகள் அதில் அடங்க மாட்டார்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பில்தான் பேசும் மொழியைப் புரிந்துகொள்ளும் சிரமமும், இக்குறைபாட்டின் பழைய பெயர்களில் ஒன்றான வளர்ச்சிசார் அஃபேசியாவும் இடம்பெற்றுள்ளன. அந்த மதிப்பீடு பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்றே சுற்றுவதால், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் தமிழில் சோதிக்கும்படி பெற்றோரே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.