தையல் இயந்திரம் எந்நாட்டது?

சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டில் இலங்கையில் வணிகத்தைத் தொடங்கிற்று. மாத்தளையில் ஒருவர் பழைய சிங்கர் தையல் இயந்திரம் ஒன்றை விற்க வருகிறார் எனக் கொள்க. அதன் பித்தளை வில்லையில் நியூயோர்க் என்றிருக்கிறது. ஆதலால் அமெரிக்கப் பொருள் என்று கூடிய விலை கேட்கிறார். மரப்பெட்டியிலோ பம்பாய் என்னும் முத்திரை. இரும்பில் வெட்டிய தொடரிலக்கம் ஆங்கில 'வை' எழுத்தில் தொடங்குகிறது. எதை நம்புவது?

ஒவ்வோர் அடையாளமும் எதற்காக இடப்பட்டது என்று கேட்டல் வேண்டும். வில்லை உரிமையாளரைக் குறிப்பது. நியூயோர்க் நிறுவனத்தின் அன்றைய தலைமையிடமேயன்றிச் செய்த இடமன்று. பெட்டி வழிப்பயணத்தைக் காட்டுவது. அதை எவரும் மாற்றிவிடலாம். தொடரிலக்கமோ தொழிற்சாலையிலேயே இரும்பில் பதிந்தது. 'வை' ஸ்கொத்லாந்தின் கிளைட்பேங்க் ஆலைக்குரியது. எனவே இயந்திரம் ஸ்கொத்லாந்தில் பிறந்ததே. விற்பவர் கேட்கும் கூடிய விலைக்கு ஆதாரமில்லை.

ஆயினும் இலக்கத்தையும் கண்மூடி நம்பலாகாது. அழுக்கேறிய 'ஜீ', 'சீ' போலத் தோன்றும். முன்னது அமெரிக்காவின் எலிசபெத் நகர ஆலைக்கும், பின்னது ஜெர்மனியின் விட்டன்பெர்க ஆலைக்கும் உரியவை. ஆகவே மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்த பின்னரே படித்தல் நன்று. 1900க்கு முற்பட்ட இலக்கங்களில் முன்னெழுத்தே இல்லை. எனவே அவற்றின் நாட்டை முன்னெழுத்தால் அறிதல் இயலாது. மேலும், இலக்கம் தலைப்பகுதிக்கு மட்டுமே சான்று. மிதிகால் சட்டம் வேறோர் இயந்திரத்தினின்று வந்து பொருந்தியிருக்கலாம்.