செய்தி சுருங்கலாம், தேதி தொலையக் கூடாது

பொந்தியான் வட்டாரத்தில் தென்னை, அன்னாசி, செம்பனை என்று கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கதைதான். நிலமும் அம்மாவும் இங்கே இருப்பார்கள். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். நில அலுவலகத்திலிருந்து மலாயில் கடிதம் வந்தால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் கேட்டு, அதை நாலு வரியாக்கிப் பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்புவார்கள்.

"மொழிபெயர்ப்பில் நாம் பெரும்பாலும் தவறுவதில்லை. அதைச் சுருக்கும்போதுதான் தவறுகிறோம்" என்று தொடங்கினார், தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அக்கம்பக்கத்தாருக்கு அரசாங்கக் கடிதங்களைப் படித்துச் சொல்வது அவருடைய நெடுநாள் பழக்கம். அன்று அவர் எடுத்துக்கொண்டது நில வரி பாக்கிக்காக அனுப்பப்படும் 6ஏ படிவம்.

முதலில் அதன் பின்னணியைச் சொன்னார். தேசிய நிலச் சட்டப்படி ஆண்டு வரியை மே 31-க்குள் கட்டிவிட வேண்டும். ஜூன் 1 முதல் அது பாக்கியாகிவிடும். பாக்கி தொடர்ந்தால் நில நிர்வாகி 6ஏ படிவத்தை அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் நிலத்தையே மாநில அரசுக்கு எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது.

இதற்கு ஒரு கற்பனைக் கடிதத்தைத் திரையில் காட்டினார். அதன் முழுத் தமிழாக்கம் இது:

"தேசிய நிலச் சட்டத்தின் 97-ஆம் பிரிவின் கீழ், கீழ்க்கண்ட நிலத்தின் உரிமையாளரான உங்களுக்கு அறிவிப்பது யாதெனில், நிலுவை வரி, தாமதக் கட்டணம், அறிவிப்புக் கட்டணம் உட்பட மொத்தம் 186 ரிங்கிட் செலுத்தப்பட வேண்டியுள்ளது. இந்த அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அத்தொகை முழுவதும் செலுத்தப்படாவிடில், அந்நிலம் மாநில அரசைச் சேர்ந்ததாக ஆணையிடப்படும்."

கடிதத்தில் உள்ள தேதி ஆகஸ்ட் 4. அம்மா கையொப்பமிட்டு வாங்கியது ஆகஸ்ட் 12. இதைச் சுருக்கி மகனுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று அரங்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். ஒருவர் உடனே சொன்னார்: "தம்பி, நில வரி பாக்கி 186 ரிங்கிட் இருக்கிறதாம். மூணு மாசத்துக்குள் கட்டணுமாம்."

பலரும் சரியென்று தலையாட்டினார்கள். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. "இதில் மூன்று பொருள்கள் காணாமல் போய்விட்டன. எவை என்று பாருங்கள்" என்றார்.

முதலாவது, மூன்று மாதத்தின் தொடக்கம். கடிதத்தில் 'தாரிக் பெஞம்பாயான்', அதாவது சேர்ப்பித்த நாள் என்று இருக்கிறது. சுருக்கத்தில் அது இல்லை. மகன் இந்தச் செய்தியைச் செப்டம்பர் முதல் தேதி படித்தால், அன்றிலிருந்து எண்ணி டிசம்பர் வரை நேரமிருக்கிறது என்று நினைப்பான். உண்மையில் கெடு நவம்பர் 12-லேயே முடிந்துவிடும். இதை ஆசிரியர் மிகவும் அழுத்திச் சொன்னார். "'இத்தனை நாளுக்குள்' என்பது கடிதத்தோடு சேர்ந்திருக்கும்வரைதான் பொருள் தரும். கடிதத்திலிருந்து பிரித்து அனுப்பும்போது அதை நாள்காட்டித் தேதியாக மாற்றிவிட வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணினோம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். நாம் எண்ணியதில் தவறிருந்தால் படிப்பவர் கண்டுபிடிக்கலாம் அல்லவா?" கடிதம் எந்த நாளில் வந்தது என்று அம்மாவுக்கு நினைவில்லையென்றால், கடிதத்தில் உள்ள முந்திய தேதியிலிருந்தே எண்ணுவது பாதுகாப்பு.

இரண்டாவது, 'முழுவதும்' என்ற ஒரு சொல். சுருக்கும்போது இது அலங்காரச் சொல் போலத் தோன்றி முதலில் வெட்டுப்படுகிறது. ஆனால் கேட்ட தொகை முழுவதையும் கட்டினால்தான் 6ஏ அறிவிப்பு செயலற்றுப் போகும். நூறு ரிங்கிட்டைக் கட்டிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று மகன் நினைத்தால், பணம் கட்டிய பிறகும் நிலம் ஆபத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது. அது தெரியாத மகன் இதை வழக்கமான வரி பில் என்று எண்ணி, அடுத்த சம்பளத்திற்குத் தள்ளிவைப்பான். வேலை மும்முரத்தில் படிப்பவர், எதை முதலில் செய்வது என்று முடிவு செய்வதே அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

அப்படியானால் எதை வெட்டுவது? சட்டப் பிரிவு எண், 'அறிவிப்பது யாதெனில்' போன்ற சொற்றொடர்கள், தொகை எப்படி வந்தது என்ற விவரம் ஆகியவற்றை எடுத்துவிடலாம். 'செலுத்தப்பட வேண்டியுள்ளது' என்பதைக் 'கட்ட வேண்டும்' என்று ஆக்கி, யார் கட்டுவது என்பதையும் சேர்த்துவிடலாம். மலாய்க் கடிதங்களில் 'ஹென்டாக்லா டிஜெலாஸ்கான்' என்று செயப்பாட்டில் வருவதை அப்படியே தமிழாக்கினால், யாருக்கு வேலை என்பது மறைந்துவிடும். அம்மா மகன் கட்டுவான் என்றிருப்பார், மகன் அம்மா கட்டியிருப்பார் என்றிருப்பான். இப்படி வெட்டி அவர் எழுதிக் காட்டிய சுருக்கம்:

"தம்பி, அம்மாவின் நிலத்துக்கு 6ஏ படிவம் வந்திருக்கிறது. 186 ரிங்கிட் முழுவதும் நீ நில அலுவலகத்தில் கட்ட வேண்டும். கடைசி நாள் நவம்பர் 12 (கடிதம் ஆகஸ்ட் 12-ல் கிடைத்தது, 3 மாதக் கெடு). தவறினால் நிலம் அரசுக்குப் போகும். லோட் எண் கடிதப் படத்தில் இருக்கிறது."

இது முழுத் தமிழாக்கத்தைவிடச் சிறியது. ஆனாலும் செய்ய வேண்டிய வேலை, அதைச் செய்பவர், தொகை, கெடு, தவறினால் வரும் விளைவு எல்லாம் இருக்கின்றன. அனுப்புமுன் இன்னொரு வேலையும் உண்டு என்றார். சுருக்கத்தை மலாய் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தமிழாக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டால், தமிழாக்கத்திலேயே விட்டுப்போனது தெரியவே தெரியாது. மூலத்தில் 'ஹென்டாக்லா', 'டிகெஹென்டாக்கி' என்று வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுங்கள். தேதி, காலம் வரும் இடங்களுக்குக் கோடிடுங்கள். அத்தனையும் சுருக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தேதிச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'செலெவாட்-லெவாட்ஞா படா 31 மே' என்றால் மே 31 அன்றும் கட்டலாம், தமிழில் '31-க்குள்'. 'செபெலும் 31 மே' என்றால் 30-ஆம் தேதியே கடைசி. தமிழில் '31-க்கு முன்'. இரண்டையும் '31 வரை' என்று எழுதினால் இரண்டாவது ஆள் ஒரு நாள் பிந்திப் போவார்.

அப்போது ஓர் அம்மா எழுந்து, "சார், பயத்தில் நான் 'அக்டோபர் கடைசிக்குள் கட்டு' என்றே சொல்லிவிடுவேன். அது தப்பா?" என்று கேட்டார். "சொல்லுங்கம்மா, ஆனால் சட்டத்தின் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியர். நாம் வைத்த கெடுவை மட்டும் சொன்னால், அது தவறியதும் எல்லாம் முடிந்தது என்று மகன் விட்டுவிடுவான். அல்லது அம்மா எப்போதும் முன்கூட்டியே சொல்பவர் என்று தெரிந்து, உண்மையான தேதியையும் அலட்சியம் செய்வான். 'நவம்பர் 12 கடைசி நாள், நாம் அக்டோபருக்குள் கட்டிவிடுவோம்' என்றால் குழப்பமில்லை.

எல்லாக் கடிதத்தையும் இப்படிச் சுருக்கிவிடலாமா? 'அல்லது', 'தவிர' என்று நிபந்தனைகள் அடுக்கி வரும் கடிதத்தையும், நீதிமன்ற அழைப்பையும் சுருக்கத்தோடு நிறுத்தக் கூடாது என்றார் அவர். மேலே மூன்று வரி, கீழே முழுத் தமிழாக்கம், கூடவே கடிதத்தின் எல்லாப் பக்கங்களின் படம் என்று மூன்றையும் அனுப்ப வேண்டும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதையும் விடாமல் படமெடுக்கச் சொன்னார்.