தெருவில் நடந்தவர் திரையில் இல்லை

ட்ரைபாடில் கேமரா அசையாமல் நிற்கிறது. நடிகை வசனம் பேசும்போது பின்னால் யாரோ நடந்துபோகிறார். டேக் முடிந்ததும், கேமராவைத் தொடாமல், ஆளில்லாத தெருவை 10 விநாடி பதிவுசெய்கிறார்கள். இதுதான் ‘கிளீன் பிளேட்’. ஃபோகஸ், எக்ஸ்போஷர் எதுவும் மாறக்கூடாது.

எடிட்டிங்கில் வெற்றுத் தெருவை அடியில் வைத்து, மேலே உள்ள காட்சியில் அவர் நடக்கும் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு வெட்டினால் ஆள் மறைந்துவிடுவார். அவருடைய நிழலையும் சேர்த்தே வெட்ட வேண்டும். இடையில் மேகம் மூடி வெளிச்சம் குறைந்திருந்தால், அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். நடிகையின் கை அவரை மறைத்தால், கையின் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து காப்பாற்ற வேண்டும்.

லைட் ஸ்டாண்டு போல நகர்த்தக்கூடிய கம்பத்துக்கும் இதே வழிதான். மின்கம்பத்தை நகர்த்த முடியாது. அதற்குப் பின்னால் இருப்பதை வரைந்துதான் நிரப்ப வேண்டும்.