உங்களுக்குத் தெரியுமா? – சிரிக்காத சிலேடை

தண்டியலங்காரம் சிலேடையை எங்கே வைத்திருக்கிறது, தெரியுமா? மடக்கும் சித்திரகவியும் இருக்கும் சொல்லணியியலில் இல்லை. உவமை, உருவகத்தோடு பொருளணியியலில் வைத்திருக்கிறது. ஓசை ஒன்றுபடுவதல்ல, இரண்டு பொருள் நிற்பதே சிலேடை என்பது அதன் கணக்கு. துயரக் கவிதையில் சிலேடை எழுத நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

*

15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கியவர். தொடர்பே இல்லாத இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிடும்போது நமக்குச் சிரிப்பும் வியப்பும் வருகின்றன. அந்தப் பாட்டுக்கு அதுதான் வேலை. அதே வித்தையை இரங்கற்பாவில் காட்டினால், கேட்பவர் இறந்தவரை விட்டுவிட்டுப் புலவரின் சாமர்த்தியத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

*

1962இல் வந்த ‘பலே பாண்டியா’வில் கண்ணதாசன் எழுதிய ‘அத்திக்காய்’ பாட்டு நெடுக ‘காய்’ வருகிறது. மரத்துக் காயும் அதுதான், நிலவைப் பார்த்துக் ‘காய்’ என்று ஏவுவதும் அதுதான். அத்தனை சிலேடை இருந்தும் பாட்டு மலினமாகவில்லை. காதலர் ஊடலே ஒரு விளையாட்டு. அதற்குச் சொல் விளையாட்டு பொருந்துகிறது. துக்கம் அவ்வளவு தாங்காது. என் அனுபவத்தில் ஒரு துயரக் கவிதைக்கு ஒரு சிலேடை போதும்.

*

நம் பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பற்றி எழுத உட்காரும் யாருக்கும் முதலில் கைக்கு வருவது ஊர்ப்பெயர்தான்: ‘முடிச்சூரில் வாழ்க்கையையே முடிச்சிடுச்சு’. கவியரங்கில் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஊர்ப்பெயருக்கும் இழப்புக்கும் இங்கே ஓசையைத் தவிர உறவில்லை. ஊர் வேறாக இருந்திருந்தால் அந்த வரியே பிறந்திருக்காது. மலினம் என்பது இதுதான்.

இப்போது ‘ஆறு’ என்ற சொல்லை எடுங்கள். நீர் ஓடும் ஆறு ஒன்று. புண் ஆறுவது, மனம் ஆறுவது இன்னொன்று. ‘ஆறாய்’ என்றால் ‘ஆறு ஆய்’, அதாவது ஆறாக என்று பிரியும். பிரிக்காமல் விட்டால் ‘நீ ஆறமாட்டாய்’ என்ற பழைய எதிர்மறை வினைமுற்று. இப்படிப் பிரிவதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. இந்தச் சொல்லை வைத்து இந்தப் பத்திக்காக எழுதிப் பார்த்தது இது:

வெள்ளம் வடிந்தது; தெரு காய்ந்தது;
சுவரின் நீர்க்கோடும் வெள்ளையடிப்பில் மறைந்தது.
நெஞ்சே,
நீ மட்டும் இன்னும் ஆறாய்.

நெஞ்சு இன்னும் ஆறாக ஓடுகிறது. நெஞ்சு இன்னும் ஆறவில்லை. இரண்டு பொருளும் ஒரே ஆளின் ஒரே வலிக்குத்தான் போகின்றன. இதைத் தாங்கிப் பிடிப்பது ‘இன்னும்’ என்ற சின்னச் சொல். ஓடுவதற்கும் ஆறாமைக்கும் அது சமமாகப் பொருந்துகிறது. அதை எடுத்துவிட்டு ‘பேராறாய்’ என்று எழுதிப் பாருங்கள். ஆறாமை உடனே செத்துவிடும், நீர் மட்டும் மிஞ்சும். அதேபோல ‘வடிந்தது’, ‘காய்ந்தது’ என்ற முன்வரிகள் காதை நீரின் பக்கம் தயார்செய்து வைப்பதால்தான் கடைசிச் சொல் விளக்கம் இல்லாமல் திறக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எதிர்மறை வடிவம் இன்று பேச்சில் இல்லை. பலர் ஆற்றை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். போகட்டும், அப்போதும் கவிதை நிற்கிறது. புரியாதவருக்காக மேற்கோள்குறி போடுவதும் அடைப்புக்குள் பொருள் எழுதுவதும்தான் ஆபத்து.

*

‘ஏரி’, ‘ஏறி’ இரண்டும் தாம்பரம் பக்கத்துப் பேச்சில் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. மேடையில் வாசித்தால் அது சிலேடை; அச்சில் வந்தால் ர, ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். எழுதும் முன்பே கவிதை கண்ணுக்கா காதுக்கா என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

*

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டாம் பொருளை மறந்துவிட்டு ஒருமுறை, முதல் பொருளை மறந்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். இரண்டு வாசிப்பிலும் அதே மனிதரின் அதே துயரம் நிற்க வேண்டும். பிறகு வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். அவர் “சொல்லை நல்லா வெச்சிருக்கீங்க” என்று முதலில் சொன்னால், தயங்காமல் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.