கடை எண்ணை மீட்கும் கடிதம்

ஒருவர் பெயரில் ஒன்பது செல்பேசி இணைப்புகளுக்கு மேல் இருந்தால், அதிகப்படியானவற்றை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை விட்டுவைப்பதில்லை. ஜம்மு காஷ்மீர், அசாம், மற்ற வடகிழக்கு மாநிலங்களில் இந்த வரம்பு ஆறு. 2021 டிசம்பரில் வந்த உத்தரவு, இப்படிப்பட்டவர்களின் எண்களைக் குறித்துவைத்து மறுபடி சரிபார்க்கச் சொன்னது. ஆள் வந்து பதில் சொல்லாவிட்டால் 30 நாளில் வெளியே போகும் அழைப்புகளும், 45 நாளில் உள்ளே வரும் அழைப்புகளும், 60 நாளில் இணைப்பும் துண்டிக்கப்படும்.

இந்த வரம்பில் அதிகம் சிக்குவது குடும்பக் கடைகள்தான். அப்பா பெயரில் எப்போதோ வாங்கிய சிம்மைத்தான் கடையில் வைத்திருப்பார்கள். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கடைப் பையன்களுக்கும் வாங்கியவையும் அதே ஆதாரில் இருக்கும்.

விருதுநகரில் ஒரு மளிகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயரில் பதினோரு எண்கள். அறிவிப்பு வந்ததும் அவரே ஷோரூமுக்குப் போய், ஒன்பதை வைத்துக்கொண்டு இரண்டை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தார். விட வேண்டிய எண் 74 என்று முடியும். கடை எண் 47 என்று முடியும். பதிவு செய்தவர் இலக்கங்களை மாற்றிவிட்டார். மறுநாள் கடை போன் செத்துவிட்டது. ஓட்டல்காரர்களின் ஆர்டர் வரவில்லை, வங்கிக் கணக்குக்கான ஓடிபியும் வரவில்லை.

இங்கே ஒரு தடயம் இருக்கிறது. சரிபார்ப்பே பதிவாகாமல் போயிருந்தால், மேலே சொன்ன உத்தரவுப்படி முதலில் பேச முடியாமல் போகும். அழைப்பு வருவது பிறகுதான் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் நின்றுபோனால், வாடிக்கையாளரே எண்ணை ஒப்படைத்ததாகப் பதிவாகியிருக்குமோ என்று சந்தேகிக்கலாம். கடிதத்தில் எதைக் கேட்பது என்பது இதைப் பொறுத்தது.

முதல் வேலை வாடிக்கையாளர் சேவைக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்குவது. அது இல்லாமல் எழுதினால் மேல்முறையீட்டுக்குப் பிடிமானம் இருக்காது. அடுத்து, கையெழுத்து. கடையை நடத்துவது மகன்தான் என்றாலும் நிறுவனத்தின் ஏட்டில் சந்தாதாரர் அப்பா. கடிதம் அவர் பெயரில், அவர் கையெழுத்தில் போக வேண்டும். நியாயமான கோரிக்கைகள்கூட ‘நீங்கள் எங்கள் சந்தாதாரர் இல்லை’ என்ற ஒரே வரியில் திரும்பி வருவது இதனால்தான்.

பலர் கடிதத்தைப் புலம்பலாகத் தொடங்குகிறார்கள். இருபது வருட நம்பிக்கை, தினசரி நட்டம் எல்லாம் உண்மைதான். ஆனால் படிப்பவர் தேடுவது தேதியை. இப்படி எழுதலாம்:

“47 என முடியும் எண் என் பெயரில் உள்ளது. மறுசரிபார்ப்பு அறிவிப்பின்படி இந்தத் தேதியில் உங்கள் ஷோரூமுக்கு நேரில் வந்து, 74 என முடியும் எண்ணை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தேன். படிவத்தின் நகலை இணைத்துள்ளேன். மறுநாள் முதல் 47 என முடியும் எண் துண்டிக்கப்பட்டுள்ளது. இந்த எண்ணை ஒப்படைக்க நான் ஒப்புதல் தரவில்லை. எந்தப் பதிவின் அடிப்படையில் துண்டித்தீர்கள் என்று எழுத்தில் தெரிவித்து, அதே எண்ணை மீண்டும் இயக்கித் தருக. இந்தப் புகார் முடியும்வரை அதை வேறு யாருக்கும் ஒதுக்க வேண்டாம்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. துண்டித்த எண்ணை நிறுவனம் பொதுவாக 90 நாள் வரை இன்னொருவருக்குக் கொடுக்காது. அதன் பிறகு எண் புது ஆளிடம் போய்விட்டால், தவறை ஒப்புக்கொண்டாலும் திருப்பித் தருவது மிகவும் கடினம்.

கடை எண்தான் என்று காட்ட ஜிஎஸ்டி சான்றிதழோ பில் புத்தகமோ உதவும்; ஆனால் அவை எண்ணின் உரிமையை நிரூபிக்காது. படிவத்தின் நகலும் ஷோரூமில் இருந்து வந்த எஸ்எம்எஸ்ஸும்தான் முக்கியம். நகல் தர மறுத்தால் அங்கேயே படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. sancharsaathi.gov.in தளத்தில் நம் பெயரில் உள்ள எண்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். 90 நாளில் அந்த 39 நாளையும் கழித்துப் பார்த்தால், முதல் கடிதத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடியாது என்பது புரியும். நட்டஈட்டை இந்தக் கடிதத்தில் கேட்டுச் சண்டையை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செல்பேசி நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளை அது விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அங்கே போக வேண்டி வந்தால், துண்டிக்கப்பட்ட வாரத்தின் விற்பனைக் கணக்கும் அதற்கு முந்தைய மாதங்களின் கணக்கும் தேவைப்படும்.