சித்தப்பாவுக்கு ஒரு கணக்குக் கடிதம்

தோஹாவில் நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி சித்தப்பா வீடு. மாதாமாதம் நான் சித்தப்பா கணக்குக்குப் பணம் அனுப்புவேன், அவர் பார்த்துக்கொள்வார். போன வருடம் மின்கட்டணம் இரண்டு முறை கட்டப்பட்டது. அப்பா அலுவலகத்துக்கே நடந்து போய்க் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்து மறந்துவிட்டார். அதே பில்லை சித்தப்பா செல்போனில் கட்டினார். அதே சமயம் வீட்டு வரியை இவர் கட்டியிருப்பார் என்று அவரும், அவர் கட்டியிருப்பார் என்று இவரும் விட்டுவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. ஏற்பாடே இல்லாததுதான் காரணம். அதனால் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதினேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு என் அன்பு. நீங்கள் இத்தனை நாள் செய்ததற்கு நான் கணக்கு கேட்கவில்லை. இனிமேல் உங்கள் தலையில் சுமை குறைய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், இனி உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்ப மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, எனக்கே சமீபத்தில்தான் புரிந்தது. வருமான வரிச் சட்டத்தில் பெற்றோருக்குப் பிள்ளைகள் தரும் பணத்துக்கு வரி கிடையாது. சித்தப்பா அண்ணன் மகளுக்குத் தந்தாலும் வரி இல்லை. ஆனால் அண்ணன் மகள் சித்தப்பாவுக்குத் தருவது அந்த உறவுப் பட்டியலில் இல்லை. ஒரு நிதியாண்டில் அப்படி வருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் அது உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். இது எனக்கான பணம் இல்லை, அண்ணன் வீட்டுச் செலவுக்கு வந்தது என்று நீங்கள் சொல்லலாம்தான். அதை நிரூபிக்கும் சீட்டையெல்லாம் எடுத்து வைக்கும் தொல்லை உங்களுக்கு எதற்கு?

அதனால் அப்பா பெயரில், அம்மாவையும் சேர்த்து, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்தாயிற்று. ஓய்வூதியம் வரும் கணக்கை யாரும் தொட வேண்டாம். அது அப்பாவுடையது. வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளமும், கோயிலுக்குக் கொடுப்பதும் அவர் கையாலேயே, அதிலிருந்தே போகட்டும்.

புதுக் கணக்கில் உங்களையும் கூட்டாகச் சேர்க்கலாம் என்று வங்கியில் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். கூட்டுக் கணக்கில் ஒருவர் போனபின் பணம் இருப்பவர் கைக்கு வரும். நாளைக்கு யாராவது ஏதாவது பேசினால் உங்களுக்குத்தான் மனவருத்தம். அதற்குப் பதிலாக யுபிஐ சர்க்கிள் என்ற வசதியை அப்பா செல்போனில் வைத்திருக்கிறோம். அப்பா கணக்கிலிருந்து, உங்கள் செல்போன் வழியாக நீங்கள் கட்டலாம். ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அப்பாவின் பின் நம்பர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் மருத்துவமனையில் இருந்தாலும் வேலை நிற்காது. தயவுசெய்து பின் நம்பரையோ ஓடிபியையோ நீங்களும் கேட்காதீர்கள், அவர் சொன்னாலும் வாங்காதீர்கள். வேறு யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவுக்கு அப்படித்தான் பழகும்.

வீட்டு வரியும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் என் பொறுப்பு. இரண்டும் பெரிய தொகை, அரையாண்டுக்கும் ஆண்டுக்கும் ஒருமுறை வருபவை. வீட்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும், அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. காப்பீட்டை நாள் தவறவிட்டால் 30 நாள் அவகாசம் தருவார்கள். ஆனால் ஆண்டு பிரீமியத்தில், அந்த 30 நாளுக்குள் அப்பாவைச் சேர்க்க நேர்ந்தால் அந்தச் செலவு கிடைக்காது. அவகாசத்தை நம்பி இருக்க முடியாது, சித்தப்பா.

கணக்கு வைக்கும் விதம் இதுதான். புதுக் கணக்கில் 12,000 ரூபாய் போட்டிருக்கிறேன். அது முன்பணம். மாதக் கடைசியில் எவ்வளவு செலவாயிற்றோ, சரியாக அவ்வளவுதான் திரும்பப் போடுவேன். உதாரணத்துக்கு: மின்கட்டணம் 1,145, சிலிண்டர் 880, மருந்துக்கடை 3,260, மளிகை 2,500, இணையம் 590. மொத்தம் 8,375. கணக்கில் 3,625 இருக்க வேண்டும். ரசீதுகளின் கூட்டுத்தொகையும் இருப்பும் சேர்ந்தால் எப்போதும் 12,000 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு ரசீது நோட்டில் ஏறவில்லை, அல்லது ஏதோ ஒன்று இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த மாதமே தெரிந்துவிடும். போன வருடம் இது இருந்திருந்தால் இரட்டைக் கட்டணம் அடுத்த பில் வரும்வரை மறைந்திருக்காது.

நோட்டு அலமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தேதி, எதற்கு, எவ்வளவு, ரசீது எண், அவ்வளவுதான் எழுத வேண்டும். எழுதியதும் ரசீதைப் படம் எடுத்து நம் மூன்று பேர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். படம் வரும்வரை கட்டியதாகக் கணக்கில்லை. அப்பா கட்டினாலும் இதே விதிதான், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

மின்கட்டணத்துக்கு மட்டும் ஒரு வரி கூட எழுதுங்கள்: ரீடிங் எடுத்த தேதியும் யூனிட்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101 முதல் 200 வரை குறைந்த விலையில் கிடைத்த யூனிட்டுகளுக்கும் ஏறிவிடும். ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தாமதமாக வந்தால், 470 வரவேண்டிய இடத்தில் 520 வந்து நிற்கும். அப்பா ஃபேனைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். தேதி எழுதியிருந்தால் தாமதத்தினால் கூடியதா, செலவு கூடியதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மின்வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். கட்டக் கடைசி நாள் ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள்.

செல்போனில் கட்டும்போது பணம் கழிந்துவிட்டு ‘நிலுவையில்’ என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். மின்வாரியத் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஏறவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாண்டினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். இன்றிரவு மின் இணைப்பைத் துண்டிப்போம், இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று வரும் குறுஞ்செய்தி திருட்டு வேலை. அப்பா பதறினால், நோட்டைத் திறந்து கடைசி ரசீதைக் காட்டுங்கள்.

உங்கள் பெட்ரோல் செலவையும் நோட்டில் எழுதுங்கள். நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

அன்று ராத்திரியே சித்தப்பா பேசினார். பெட்ரோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. இருப்பும் ரசீதும் சேர்ந்து 12,000 சரியாக இருந்தது. கீழே ஒரு வரி: ‘சிலிண்டர் பையனுக்கு என் கையிலிருந்து 50.’ அதற்கும் கீழே அப்பாவின் கையெழுத்தில்: ‘தம்பிக்கு 50 கொடுத்தாயிற்று.’ தேதியும் போட்டிருந்தார்.