சைன் தொடரின் முடிவை ஒப்பீடு சொல்லும்

sin(1) + sin(1/2) + sin(1/3) + sin(1/4) + … என்று நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? கூட்டுத்தொகை ஏதாவது ஓர் எண்ணை நெருங்கி அடங்குமா, அல்லது எந்த வரம்புக்கும் கட்டுப்படாமல் வளருமா? அடங்கினால் அதை ஒருங்கும் தொடர் என்கிறோம். அடங்காவிட்டால் விரியும் தொடர்.

கணினியில் கூட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். முதல் 10 உறுப்புகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 2.738. நூறு உறுப்புகளுக்கு 4.995. ஆயிரத்துக்கு 7.294. பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.201தான். பத்து லட்சத்துக்கு அருகில் ஒவ்வோர் உறுப்பும் 0.000001 அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பவருக்கு, தொகை 15-க்குப் பக்கத்தில் எங்கோ நின்றுவிடும் என்றுதான் படும். அது தவறு. எத்தனை கோடி உறுப்புகளைக் கூட்டினாலும் அடுத்து வருவதைப் பற்றிக் கணினி எதுவும் சொல்லாது. முடிவிலி வரை போகும் ஒன்றைத் தீர்மானிக்க வேறு வழி வேண்டும். அந்த வழிதான் ஒப்பீடு: நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொடரின் பக்கத்தில் புதிய தொடரை நிறுத்திப் பார்ப்பது.

முதலில் தெரிந்த தொடர்கள் இரண்டு.

1 + 1/2 + 1/3 + 1/4 + … என்பது இசைத் தொடர். இது விரியும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் காட்டிவிட்டார். அவர் செய்தது இவ்வளவுதான். 1/3-ஐயும் 1/4-ஐயும் ஒரு கட்டாக்குங்கள். இரண்டும் 1/4-க்குக் குறையாதவை, எனவே கட்டின் மதிப்பு 1/2-க்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள். ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாது, ஆக மறுபடியும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டு, அதற்கடுத்த பதினாறு, எல்லாக் கட்டும் அப்படியே. அரை அரையாக எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்க்க முடிகிற தொகைக்கு மேல்வரம்பு இருக்க முடியாது.

இரண்டாவது, 1 + 1/4 + 1/9 + 1/16 + …, அதாவது 1/n² தொடர். இது ஒருங்கும். இரண்டாவது உறுப்பிலிருந்து ஒவ்வொன்றும் 1/(n−1) − 1/n என்பதைவிடச் சிறியது. இந்த வித்தியாசங்களைக் கூட்டும்போது நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மொத்தம் 1-ஐத் தாண்டாது. முதல் உறுப்பான 1-ஐயும் சேர்த்தால் தொகை 2-க்குள் அடங்கிவிடும். (சரியான மதிப்பு π²/6, ஏறக்குறைய 1.645. அதைக் கண்டவர் ஆய்லர்.) பொதுவாக, கீழே உள்ள அடுக்கு 1-ஐவிடப் பெரியதாக இருந்தால் தொடர் ஒருங்கும், 1 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் விரியும். இதுதான் நம் அளவுகோல்.

இனி sin(1/n) இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். ஆரம் 1 உள்ள வட்டத்தில் x நீளமுள்ள ஒரு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வழியாகப் போகும் ஆரத்தின் மேல் இறக்கிய செங்குத்தின் நீளம்தான் sin x. வில் நீளமாக இருக்கும்போது அதன் வளைவு கண்ணுக்குத் தெரியும். செங்குத்து வில்லைவிட நன்றாகவே குட்டையாக இருக்கும். வில் குறுகக் குறுக வளைவு மறைந்து இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிவிடுகின்றன. எண்களில் சொன்னால், sin(1)-ஐ 1-ஆல் வகுத்தால் 0.8415. sin(1/10)-ஐ 1/10-ஆல் வகுத்தால் 0.99833. sin(1/100)-ஐ 1/100-ஆல் வகுத்தால் 0.999983. n பெரிதாக ஆக, இந்த விகிதம் 1-ஐ நெருங்குகிறது.

இந்த ஒன்றே தீர்ப்புக்குப் போதும். விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்றால், ஒரு கட்டத்துக்குப் பிறகு sin(1/n) எப்போதும் 0.9/n-க்கு மேலேயே இருக்கும். இசைத் தொடர் வரம்பில்லாமல் வளர்வது, அதை 0.9-ஆல் பெருக்கினாலும் வரம்பில்லாமல்தான் வளரும். அதைவிடப் பெரிய உறுப்புகளைக் கொண்ட தொடர் அடங்கியிருக்க வழியில்லை. ஆகவே sin(1/n) தொடர் விரிகிறது. தொடக்கத்தில் உள்ள சில உறுப்புகள் எப்படி இருந்தாலும் கவலையில்லை. எண்ணி முடியும் உறுப்புகளின் தொகை எப்போதும் ஒரு குறிப்பிட்ட எண்தான். தொடரின் முடிவை நிர்ணயிப்பது அதன் வால்.

பாடப்புத்தகங்களில் இதை எல்லை ஒப்பீட்டுச் சோதனை என்பார்கள். மிகை உறுப்புகளைக் கொண்ட இரண்டு தொடர்களின் உறுப்பு விகிதம், பூச்சியம் அல்லாத ஏதாவது ஒரு மிகை எண்ணை நெருங்கினால், இரண்டும் சேர்ந்தே ஒருங்கும், அல்லது சேர்ந்தே விரியும். விகிதம் 1 ஆகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கால்குலேட்டரை டிகிரியில் வைத்து sin(1) கேட்டால் 0.8415 வராது, 0.01745 வரும். அதே டிகிரிக் கணக்கில் தொடர் முழுவதையும் கூட்டினால் விகிதம் 1-க்குப் பதிலாக 0.01745 என்ற எண்ணை நெருங்கும். தொகை மிக மெதுவாக வளரும். ஆனாலும் விரியத்தான் செய்யும்.

இப்போது உறுப்பைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். sin(1/n²) வேண்டுமானால் உள்ளே இருக்கும் சிறிய எண் 1/n², சைன் அதைப் பின்பற்றும், தொடர் ஒருங்கும். sin(1/n)-ஐ √n-ஆல் வகுத்தால் உறுப்பு 1/n-ஐ √n-ஆல் வகுத்ததைப் போல நடக்கும், அடுக்கு ஒன்றரை, ஒருங்கும். மாறாக, sin(1/√n) தொடரில் அடுக்கு அரைதான், விரியும். மூன்றிலும் கேட்ட கேள்வி ஒன்றே: தொலைவில் இந்த உறுப்பு எந்த எளிய அடுக்கைப் போல நடந்துகொள்கிறது?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னால் சிக்கும் இடம் ஒன்று உண்டு. 1/n − sin(1/n) என்ற உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "sin(1/n) என்பது 1/n போல, எனவே வித்தியாசம் பூச்சியம் போல" என்று எழுதினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உறுப்புகள் பூச்சியம் அல்லவே! கழித்தலில் முதன்மைப் பகுதிகள் இரண்டும் அடிபட்டுப் போகும்போது, அவற்றுக்கு அடுத்து நிற்பது எது என்று தெரிந்தாக வேண்டும். அதைத் தருவது சைனின் அடுக்குத் தொடர்:

sin x = x − x³/6 + x⁵/120 − …

இந்தத் தொடரைக் கண்டறிந்த பெருமை கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவனுக்கு உரியது. அவர் வழிவந்த சேட்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில் இதற்கான விளக்கம் இருக்கிறது. x-க்குப் பதில் 1/n இட்டால் 1/n − sin(1/n) என்பது 1/(6n³)-ஐப் பின்பற்றுவது தெரிகிறது. n = 10 என்று சரிபார்க்கலாம்: 0.1-இலிருந்து 0.0998334 போனால் 0.0001666, 1/6000 என்பதும் 0.0001667. அடுக்கு மூன்று. எனவே இந்த வித்தியாசங்களின் தொடர் ஒருங்குகிறது. அதன் தொகை ஏறக்குறைய 0.1919. இதே முறையில் 1 − cos(1/n) என்பது 1/(2n²)-ஐப் பின்பற்றும், அதுவும் ஒருங்கும்.

இந்த 0.1919 நம் முதல் கேள்விக்கு இன்னும் கூர்மையான விடையைத் தருகிறது. இசைத் தொடரில் பத்து லட்சம் உறுப்புகளின் தொகை 14.393. சைன் தொடரில் 14.201. இடைவெளி 0.192. கோடிக் கணக்கில் மேலே போனாலும் அந்த இடைவெளி 0.1919-ஐத் தாண்டிப் பெருகாது. அதாவது சைன் தொகை, இசைத் தொகையை ஒரே தூரத்தில் பின்தொடர்ந்துகொண்டே போகிறது. அது எந்த உயரத்துக்குப் போனாலும் இதுவும் போகும். எப்போது 20-ஐத் தாண்டும் என்றுகூடச் சொல்லிவிடலாம்: இசைத் தொடருக்குச் சுமார் 27 கோடியே 24 லட்சம் உறுப்புகள் வேண்டும்; சைன் தொடருக்குச் சுமார் 33 கோடி. கணினித் திரையில் நின்றுவிட்டதாகத் தோன்றிய தொகை உண்மையில் எப்படி நகர்கிறது என்பதும் விளங்குகிறது. பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரையுள்ள உறுப்புகள் தொகையில் ஏறக்குறைய 0.693 சேர்க்கின்றன. இருபதிலிருந்து நாற்பது லட்சம் வரையுள்ளவையும் அதே 0.693. உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு. ஒருங்கும் தொடரில் இப்படி நடக்காது. அங்கே இரட்டிப்பாக்கும்போது சேரும் அளவு பூச்சியத்தை நோக்கிக் குறைந்துகொண்டே வரும். கணினியில் கூட்டிப் பார்ப்பவர் தொகையைப் பார்ப்பதை விட்டு, இரட்டிப்பில் சேரும் அளவைப் பார்த்தால் சந்தேகமாவது வரும். சந்தேகத்தைத் தீர்க்க ஒப்பீடுதான் வேண்டும்.

கடைசியாக, இந்த முறை எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உறுப்புகள் மிகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்புக்குச் சொன்னதல்ல. குறி மாறி மாறி வரும் (−1)ⁿ/√n தொடர், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் ஒருங்குகிறது. அதன் ஒவ்வோர் உறுப்போடும் sin(1/n)-ஐக் கூட்டுங்கள். புதிய உறுப்புக்கும் பழைய உறுப்புக்கும் உள்ள விகிதம் n = 10,000 என்ற இடத்தில் 1-இலிருந்து நூறில் ஒரு பங்கு மட்டுமே விலகியிருக்கும்; மேலே போகப் போக 1-ஐயே நெருங்கும். விகிதத்தை மட்டும் பார்த்தால் புதியதும் ஒருங்கும் என்றே எழுதத் தோன்றும். ஆனால் ஒருங்கும் ஒன்றோடு விரியும் ஒன்றைக் கூட்டியிருக்கிறோம். புதிய தொடர் விரிகிறது. பெரிய பகுதிகள் தமக்குள் அடித்துக்கொண்டு போய்விட, விகிதத்தில் கண்ணுக்கே படாத சிறிய பகுதி அப்படியே சேர்ந்துவிட்டது. 1/n − sin(1/n)-இல் ஓர் உறுப்புக்குள்ளே நடந்த அதே அடிபடல், இங்கே உறுப்புகளுக்கு இடையே நடந்திருக்கிறது. ஆகவே எளிய அடுக்கைக் கண்டுபிடித்தவுடன் தீர்ப்பு எழுதுவதற்கு முன், அந்த முதன்மைப் பகுதி எங்கேயாவது அடிபட்டுப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடிபடாவிட்டால் அந்த அடுக்கே தீர்ப்பு. அடிபட்டால் அடுத்த பகுதியை வெளியே எடுத்து, அதைத் தனியாக அளவுகோலில் வைக்க வேண்டும்.